முன்பெட்டி, பின்பெட்டி: எம்8 போல்ட்டுக்கு அளவு கண்ட பதிவு

சில்லறைச் சாமான்கள் தீராமல் இருக்க, ஒரு பொருளுக்கு இரண்டு பெட்டி வைக்கும் முறையை எங்கள் பட்டறையில் பின்பற்றுகிறோம். அதில் எம்8 × 25, அதாவது 8 மிமீ தடிமனும் 25 மிமீ நீளமும் உள்ள போல்ட்டின் சீட்டில் கடந்த வாரம் நான்காவது வரி நிரம்பியது. பெட்டி காலியான தேதி, ஆர்டர் கொடுத்த தேதி, சரக்கு வந்த தேதி, சரக்கு வந்த அன்று பின்பெட்டியில் இருந்த மீதி என்று நான்கு கட்டங்களைப் பென்சிலால் நிரப்புகிறோம். நான்கு வரிகளிலும் கடைசிக் கட்டத்தில் 'பாதிக்கு மேல்' என்றே எழுதியிருக்கிறது. ஒன்பது மாதங்களாக இந்த போல்ட் ஒருநாள்கூடத் தீரவில்லை. அலமாரியில் தேவைக்கு மீறித் தேங்கவும் இல்லை. இந்த இடத்துக்கு வருவதற்குள் மூன்று முறை அளவை மாற்றினேன். அவற்றில் இரண்டு முழுத் தவறு. அந்த வழியை அதே வரிசையில் எழுதி வைக்கிறேன்.

முறை எளியது. ஒரு பொருளுக்கு இரண்டு பெட்டிகள். வேலைக்கு முன்பெட்டியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அது காலியானதும் பின்பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டு, காலிப் பெட்டியை ஆர்டருக்கு அனுப்ப வேண்டும். புதுச் சரக்கு வரும்வரை இரண்டாவது பெட்டி தாக்குப்பிடிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் வேண்டாம், எண்ணிப் பார்க்க வேண்டாம், கணினியில் ஏற்ற வேண்டாம். போல்ட், நட்டு, வாஷர், கேபிள் டை, கட்டிங் வீல், ஃபிளாப் டிஸ்க் என்று விலை குறைந்து, தினமும் கை போகிற 42 பொருள்களை இந்த முறைக்குள் கொண்டுவர முடிவு செய்தேன். அந்த இரண்டாவது பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதை நான் முதலில் கேட்டுக்கொள்ளவே இல்லை.

முதல் முயற்சியில் மூன்று லிட்டர் கொள்ளும் ஒரே அளவுப் பிளாஸ்டிக் பெட்டிகள் 84 வாங்கி, கம்பியில் மாட்டும் வகையில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் வாய்வரை நிரப்பினேன். பார்ப்பதற்கு மிக ஒழுங்காக இருந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த ஒழுங்கின் உள்ளே இருந்த கோளாறு தெரிந்துவிட்டது. எம்8 வாஷரில் ஒரு பெட்டி ஏறக்குறைய 4,800 கொண்டது. எங்களுக்கு வாரத்துக்கு நூறு வாஷர் செலவாகிறது என்பதைப் பின்னர் கண்டறிந்தபோது, ஒரு பெட்டியே 48 வாரம் வரும், இரண்டும் சேர்ந்து இரண்டு வருடத்தை நெருங்கும் என்று கணக்கு வந்தது. அதே மூன்று லிட்டர் பெட்டியில் 100 மிமீ ஃபிளாப் டிஸ்க் இருபதுதான் அடங்கும். வாரம் எட்டு செலவாகிறது என்பதால் ஒரு பெட்டி இரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும். ஃபிளாப் டிஸ்க் பெட்டி காலியானதிலிருந்து புதுச் சரக்கு கைக்கு வர மூன்று வாரம் ஆனது. ஆகவே முதல் பெட்டி திரும்பி வருவதற்குள் இரண்டாவதும் காலியாகி, இரண்டும் ஆர்டர் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே பொருளின் இரண்டு காலிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் பார்க்க நேர்ந்தால், அந்தப் பெட்டி சிறியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

போல்ட் பெட்டியின் கதை வேறு. எம்8 × 25 போல்ட் ஒன்று என் தராசில் சுமார் 13.5 கிராம், ஒரு லிட்டர் பாத்திரத்தில் தளரக் கொட்டினால் 200 அடங்குகிறது. மூன்று லிட்டருக்கு 600 போல்ட், எட்டு கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தில் பெட்டியின் பின்பக்கக் கொக்கி கம்பியிலிருந்து நழுவி, ஒரு மதியம் 600 போல்ட்டும் தரையில் சிதறின. அவற்றைப் பொறுக்கிய அரைமணி நேரத்தில்தான், பெட்டியை லிட்டரில் அளக்கக் கூடாது, வாரத்தில் அளக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. லிட்டரும் கிலோவும் கடைசியில் வரும் கேள்விகள்: வாரக் கணக்கில் கிடைத்த எண்ணிக்கை எந்தப் பாத்திரத்தில் அடங்கும், அதை மாட்டும் கம்பி தாங்குமா என்று பார்ப்பதற்கு மட்டும்.

எனவே 12 வாரம் எடை போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்த பிறகு பெட்டிகளைத் தராசில் வைத்து, காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, ஒரு துண்டின் எடையால் வகுத்தேன். ஒரு துண்டின் எடையை ஒற்றையாக நிறுத்தால் தராசின் பிழை பெரிதாகத் தெரியும். 50 துண்டுகளை நிறுத்து வகுப்பதே சரி. வாரத்துக்கு நாற்பது நிமிடம் இதற்குப் போனது. பெட்டிகள் பெரிதாக இருந்ததில் ஒரே நன்மை, ஃபிளாப் டிஸ்க் தவிர எதுவும் இடையில் தீரவில்லை என்பதுதான். தீர்ந்துபோன வாரங்களில் எடுக்கும் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். இல்லாத பொருளை யாரும் எடுக்க முடியாதல்லவா. எம்8 × 25 போல்ட்டுக்குக் கிடைத்த எண்கள் வரிசையாக இவை: 40, 55, 30, 62, 48, 0, 120, 45, 38, 70, 52, 40. மொத்தம் 600, சராசரி வாரத்துக்கு 50.

இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு இரண்டாவது தவற்றைச் செய்தேன். கடைக்காரர் இரண்டு வாரத்தில் தருகிறார், வாரம் 50 செலவாகிறது, ஆகவே பெட்டிக்கு 100 போதும் என்று முடிவு கட்டினேன். போல்ட் 200 கொண்ட பாக்கெட்டாகத்தான் வருகிறது. ஆரம்பத்தில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து இரு பெட்டிகளிலும் பாதி பாதியாகக் கொட்டினேன். மறுமுறை சரக்கு வந்தபோது ஒரு பெட்டிக்கு 100 போக மிச்சம் 100 இருந்தது. அதை அப்படியே பாக்கெட்டோடு வேலைமேசைக்குக் கீழே தள்ளினேன். அந்த மிச்சத்துக்குப் பெட்டி இல்லை, சீட்டு இல்லை, அதை யாரும் பொறுப்பேற்கவும் இல்லை.

அடுத்த சுற்றில் முன்பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலியானது. காலிப் பெட்டிகளை நான் திங்கட்கிழமைகளில்தான் திரட்டி ஆர்டர் கொடுப்பேன். ஆகவே அந்தப் பெட்டி ஆறு நாள் சும்மா கிடந்தது. திங்களன்று கொடுத்த ஆர்டர் பதினைந்தாம் நாள் வந்தது. செவ்வாயிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 21 நாள். பின்பெட்டியில் இருந்த 100 போல்ட் வாரத்துக்கு 50 வீதம் 14 நாளில் தீர்ந்தது. மீதி ஒரு வாரம் பட்டறையில் அந்த அளவு போல்ட்டே இல்லை. அந்த வாரத்தில் ஒரு பெல்ட் மூடியைப் பொருத்திய ஒருவர், கையில் கிடைத்த எம்8 × 30 போல்ட்டை வாஷர் கூட்டி முடுக்கிவிட்டார். உள்பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்த சில மில்லிமீட்டர் நுனி பெல்ட்டில் உரசி, இரண்டு நாளில் பெல்ட்டின் ஓரம் பிய்ந்தது. ஒரு பெல்ட்டின் விலைக்கு எத்தனை பாக்கெட் போல்ட் வாங்கியிருக்கலாம் என்பதை நான் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் வருத்தமாக இருந்திருக்கும். மேசைக்குக் கீழே தள்ளிய அந்த 100 போல்ட் ஒரு மாதம் கழித்துப் பெருக்கும்போது கிடைத்தது.

இந்த ஒரு நிகழ்வுக்குள் மூன்று பிழைகள் இருந்தன. முதலாவது, காத்திருப்பு என்பது கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் நாள் மட்டுமல்ல. பெட்டி காலியானதிலிருந்து நிரம்பிய பெட்டி அலமாரிக்குத் திரும்பும்வரை உள்ள எல்லா நாளும் காத்திருப்புதான். வாரத்துக்கு ஒருமுறை காலிப் பெட்டி திரட்டுகிற பட்டறையில், கெட்ட நேரமாகத் திங்கள் மாலையே ஒரு பெட்டி காலியானால் முழு ஏழு நாள் போய்விடும். சராசரியாக மூன்றரை நாள்தானே என்று பாதியைக் கூட்டுவது தவறு. பெட்டி கெட்ட நேரத்தையும் தாங்க வேண்டும். ஆகவே இரண்டு வாரத்தோடு ஒரு வாரம் சேர்த்து மூன்று வாரம். இரண்டாவது, சராசரி அளவுக்கு வைத்தால் ஏறக்குறைய இரண்டுக்கு ஒருமுறை பற்றாக்குறை வரும். ஏனெனில் பாதி வாரங்களில் செலவு சராசரிக்கு மேலேதான் இருக்கும். மூன்றாவது, பாக்கெட்டைப் பிரித்து மிச்சம் வைத்தது. பெட்டியின் அளவு முழுப் பாக்கெட்டுகளாகவே இருக்க வேண்டும். மிச்சம் விழுந்தால் அது ஒளிந்துகொள்ளும் இடத்தையும் தானே தேடிக்கொள்ளும்.

மூன்றாவது முயற்சியில் கணக்கை வேறு விதமாகப் போட்டேன். காத்திருப்பு மூன்று வாரம் என்பதால், 12 வார எண்களில் அடுத்தடுத்த மூன்று மூன்று வாரங்களாகக் கூட்டினேன். முதல் மூன்றின் கூட்டல் 125. அடுத்து 55, 30, 62 சேர்ந்து 147. அப்படியே நகர்ந்துபோனால் பத்துக் கூட்டல்கள் கிடைக்கும். அவற்றில் மிகப் பெரியது 120, 45, 38 என்ற மூன்று வாரங்களுடையது: 203. அதாவது, நான் பார்த்த காலத்தில் எந்த மூன்று வாரக் காத்திருப்பு நேர்ந்திருந்தாலும் 203 போல்ட் இருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் 12 வாரம் என்பது சிறிய சாளரம். அதற்கு வெளியே இதைவிட மோசமான மூன்று வாரம் இருக்கலாம். அதற்காகக் கால் பங்கு கூட்டினேன், 254 வந்தது.

புள்ளியியல் வழியில் செல்பவர்கள் இதே எண்களின் திட்ட விலக்கத்தைக் கண்டு, அதை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதன் இருமடங்கைச் சராசரித் தேவையோடு கூட்டுவார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். திட்ட விலக்கம் 28 அளவில் இருந்தது, மூன்று வாரத்துக்கு 49, இருமடங்கு 98, சராசரி 150-உடன் கூட்டினால் 248. இரண்டு வழிகளும் ஆறு போல்ட் வித்தியாசத்தில் வந்து நின்றன. எப்போதும் இவ்வளவு நெருங்கி வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துண்டு ஒன்றின் விலை அற்பமான பொருளுக்கு, கூட்டலை மட்டும் வைத்துப் பட்டறையில் எவரும் செய்துவிடக்கூடிய முதல் வழி போதும் என்று அன்று முடிவு செய்தேன்.

வந்தது 254; பாக்கெட்டோ 200. ஆகவே பெட்டிக்கு இரண்டு பாக்கெட், 400. இரண்டு லிட்டர், ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கம்பி தாங்கும் பாரம்தான். வாரம் 50 வீதம் ஒரு பெட்டி எட்டு வாரம் வரும். முன்பெட்டி காலியாகும்போது கையிருப்பு 400. மூன்று வாரக் காத்திருப்பில் வழக்கமாக 150 போனால், சரக்கு வரும் நாளில் 250 இருக்கும். வந்தபின் 650 ஆகும். இந்த 250-க்கும் 650-க்கும் இடையில்தான் இந்தப் பொருள் ஏறி இறங்கும். இரண்டு பெட்டியும் நிரம்பி 800 இருக்கும் நிலை ஆரம்ப நாளோடு சரி.

அளவு சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் முறை வேறு இடத்தில் உடைந்தது. இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. எது முதல், எது இரண்டாவது என்று நீலமும் சிவப்புமாக ஒட்டுவில்லை வேறு ஒட்டியிருந்தேன். ஆறு வாரத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் பாதியாகக் குறைந்திருந்தன. எல்லோரையும்விட ஒழுங்காக வேலை செய்யும் மூத்த ஃபிட்டரே இரண்டாவதிலிருந்து எடுத்ததைப் பார்த்துவிட்டு, ஏன் அண்ணே என்று கேட்டேன். "முதல் பெட்டியில் அடியில் கிடப்பதெல்லாம் இரும்புத்தூள் ஒட்டிப்போய்க் கிடக்கிறது தம்பி. மரையில் தூள் இருந்தால் நட்டு பாதியில் இறுகிக்கொள்ளும். இரண்டாவது புதுசு, சுத்தமாக இருக்கிறது, அதில் எடுத்தேன்" என்றார். அவர் சொன்னதில் குறை காண ஒன்றுமில்லை. கிரைண்டருக்கு எட்டடி தூரத்தில் திறந்த பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு, அடிச்சரக்கை எடுங்கள் என்று சொல்வது என் தவறு.

இரண்டு மாற்றங்கள் செய்தேன். பெட்டி வரிசையைக் கிரைண்டருக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றி, கம்பியை எடுத்துவிட்டு, முன்பக்கம் சற்றுச் சரிந்த தட்டு அமைத்தேன். இதில் ஒரு பெட்டிக்குப் பின்னால்தான் மற்றொன்று நிற்க முடியும். கை பின்னால் போகாது. அதோடு பின்பெட்டியில் போகும் பாக்கெட்டுகளைப் பிரிப்பதில்லை. கடையிலிருந்து வந்தபடியே இரண்டு பாக்கெட்டும் உள்ளே வைக்கப்பட்டு, குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டப்படுகிறது. அந்தப் பட்டைக்குள்தான் சீட்டு செருகப்பட்டிருக்கும். முன்பெட்டி காலியானால் பின்பெட்டியைத் திறக்கப் பட்டையைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் சீட்டு கையில் வந்துவிடும். சீட்டில் தேதியைப் போட்டு, காலிப் பெட்டியோடு சிவப்புத் தட்டில் வைக்க வேண்டும். வேறு விதமாகச் செய்யத்தான் அதிக முயற்சி வேண்டும் என்ற நிலை வந்தபிறகு யாருக்கும் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

சரக்கு வரும்போதும் இதேபோல் ஒரு சறுக்கல் உண்டு. வந்த பாக்கெட்டைப் பிரித்துப் பாதி தீர்ந்த முன்பெட்டியின் மேலேயே கொட்டிவிடுவது கைக்கு எளிது. அப்படிச் செய்தால் பின்னால் ஒன்றும் இருக்காது, பழைய சரக்கு எப்போதும் அடியிலேயே கிடக்கும். புதுச் சரக்கு காலிப் பெட்டிக்குள் மட்டுமே போகும், அந்தப் பெட்டி பின்னால் மட்டுமே நிற்கும் என்பது விதி. கட்டிங் வீலுக்கு இது முக்கியம். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள், ரெசின் கலந்த வீலுக்கு அது செய்த நாளிலிருந்து மூன்று வருடம். பெட்டிகள் மாறி மாறி வந்தால் பழையது தானாக முதலில் தீரும். தேதி பார்த்து அடுக்கும் வேலை மிச்சம்.

அடுத்துத் தெரிந்தது, அந்த 120. ஏழாவது வாரத்தில் ஏன் அவ்வளவு போனது என்று வேலைச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அதில் 80 போல்ட் ஒரே ஒரு பெரிய சட்டகத்துக்குப் போயிருந்தது. அந்த வேலை நமக்கு வருகிறது என்பது மூன்று வாரத்துக்கு முன்பே தெரியும். எத்தனை போல்ட் வேண்டும் என்று வரைபடத்திலேயே இருந்தது. முன்கூட்டித் தெரிகிற தேவையைப் பெட்டியின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அதன்பின், ஒரு வேலைக்குப் பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தேவைப்பட்டால், அந்த வேலையின் பெயரில் தனியாக வாங்கித் தனிப் பையில் வைக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அந்த 80-ஐக் கழித்துவிட்டு மறுபடி மூன்று வாரக் கூட்டல்களைப் போட்டேன். 203 என்றிருந்த கூட்டல் 123 ஆகிவிட்டது; இப்போது பெரியது 70, 52, 40 சேர்ந்த 162. கால் பங்கு கூட்டினால் 203. மூன்றே மூன்று போல்ட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் ஒரே பாக்கெட் போதும் என்ற நிலை. ஒரே ஒரு வேலையைத் தனியே பிரித்ததில் பெட்டியின் தேவை ஐம்பது போல்ட் இறங்கியது.

ஆனாலும் இந்த போல்ட்டுக்குப் பெட்டியை 200 ஆக்கவில்லை. 80-ஐக் கழித்தபின் சராசரி வாரத்துக்கு 43. பெட்டிக்கு 200 என்றால் நாலரை வாரத்துக்கு ஒருமுறை ஆர்டர். 400 என்றால் ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை. எல்லாப் பொருளுக்கும் இதே கதி என்று வைத்தால், 42 பொருளுக்கு வாரம் ஒன்பது ஆர்டர் என்பது ஒரு பக்கம், ஐந்துக்கும் குறைவு என்பது மறுபக்கம். ஒவ்வொரு ஆர்டருக்கும் சீட்டைப் பார்த்து எழுதி, வந்த சரக்கைச் சரிபார்த்து, பட்டை ஒட்டித் தட்டில் வைக்கக் கால் மணி நேரமாவது போகிறது. துருப்பிடிக்காமல் வைத்தால் கெடாத, விலையும் குறைந்த ஒரு பொருளில் 200 கூடுதலாக நிற்பதைவிட அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு விலை அதிகம். பின்பெட்டியின் குறைந்தபட்ச அளவைக் காத்திருப்பு சொல்கிறது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஆர்டர் கொடுக்கும் சலிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றப் பொருள்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். எம்8 வாஷரை முதலில் போல்ட்டின் எண்ணிக்கைக்கே வைக்க நினைத்தேன். போல்ட்டுத் தலைக்குக் கீழ் ஒன்று, நட்டுக்குக் கீழ் ஒன்று என்று இரண்டு போகிறது என்பதை மறந்துவிட்டேன். இரட்டிப்பாக்கினால் 406, பாக்கெட் 500, ஆகவே ஒரு பாக்கெட் ஒரு பெட்டி. அதற்கு அரை லிட்டர் கொள்ளும் கிண்ணம் போதும். மூன்று லிட்டரில் 4,800 வைத்திருந்த இடம் அது. ஃபிளாப் டிஸ்க்குக்கு நேர்மாறு: பெரிய மூன்று வாரக் கூட்டல் 31, கால் பங்கு கூட்டி 39, பத்துப் பத்தாக வருவதால் 40, இதற்கு ஆறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஆழமான பெட்டி தேடினேன். மரைப் பசை புட்டி ஒன்று ஐந்து மாதம் வருகிறது. அதற்குப் 'பெட்டி' என்பது ஒரு புட்டி, பின்னால் இன்னொரு புட்டி, அவ்வளவே. மூன்றாவதாக ஒன்று கூட்ட ஆசை வரும். திறக்காத புட்டிக்கும் காலாவதி தேதி உண்டு என்பதால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் எடுக்கிற எம்16 நீள போல்ட்டுகளை இந்த முறையிலிருந்து விலக்கிவிட்டேன். ஒரு பாக்கெட்டே பல வருடம் வரும் பொருளுக்கு இரண்டு பெட்டி வைப்பது பொருளற்றது. வேலை வரும்போது வாங்கிக்கொள்கிறோம். விலை கூடிய கார்பைடு இன்சர்ட்டுகளும் இதில் இல்லை. அவை எண்ணப்பட வேண்டியவை, இந்த முறையோ எண்ணாமல் இருப்பதற்காக ஏற்பட்டது.

இப்போது நான் தராசைத் தொடுவதில்லை. சீட்டே போதிய கணக்கைத் தருகிறது. பெட்டி காலியான இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை வாரம் என்று பார்த்து, பெட்டியின் எண்ணிக்கையை அதனால் வகுத்தால் வாரச் செலவு வந்துவிடும். காலியான தேதிக்கும் சரக்கு வந்த தேதிக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான காத்திருப்பு. கடைக்காரர் இரண்டு வாரம் என்று சொல்வது எங்கள் சீட்டுகளில் எட்டு நாள் முதல் பதினாறு நாள்வரை அலைகிறது. கடைசிக் கட்டமான மீதியைக் காற்பங்குகளாகத்தான் எழுதுகிறோம், எண்ணுவதில்லை. கால் பங்குக்குக் கீழ் என்று ஒருமுறை வந்தாலே அளவைக் கூட்டுகிறோம். முக்காலுக்கு மேல் என்று தொடர்ந்து மூன்று முறை வந்தால் ஒரு பாக்கெட் குறைக்கிறோம். கூட்டுவதில் அவசரமும் குறைப்பதில் நிதானமும் வேண்டும் என்பது பெல்ட் மூடி கற்றுக்கொடுத்தது. இந்த விதிப்படி ஒன்பது மாதத்தில் ஏழு பொருள்களின் அளவு மாறியது. கேபிள் டை இரண்டு முறை மாறியது.

மீண்டும் ஆரம்பிப்பதாக இருந்தால் 12 வாரம் எடை போட மாட்டேன். வாங்கிய ரசீதுகளிலிருந்து தோராயமான மாதச் செலவை எடுத்து, இரண்டு மாதத்துக்கு வரும் அளவை முழுப் பாக்கெட்டாக ஒவ்வொரு பெட்டியிலும் வைத்து, முதல் நாளிலிருந்தே நான்கு கட்டச் சீட்டைப் போட்டுவிடுவேன். இரண்டு மூன்று சுற்றில் அளவு தானே தெரிந்துவிடும். மெதுவாக ஓடும் பொருளுக்கு இதில் வருடக்கணக்கு ஆகும் என்ற குறை உண்டு, ஆனால் அவற்றில் பற்றாக்குறையும் அரிது. 84 ஒரே அளவுப் பெட்டிகளை ஒரு நாளும் வாங்க மாட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் இன்று காலியாக மாடியில் கிடக்கின்றன.

கடந்த மாதத்திலிருந்து சிவப்புத் தட்டைத் திங்களும் வியாழனும் பார்க்கிறேன். இதனால் பெட்டி சும்மா கிடக்கும் மிக நீண்ட காலம் ஏழு நாளிலிருந்து நான்கு நாளாகிவிட்டது. 21 நாள் காத்திருப்பு 18 ஆயிற்று. ஃபிளாப் டிஸ்க்குக்கு ஒரு பாக்கெட் குறைக்கலாமா என்பது அடுத்த இரண்டு வரிகள் நிரம்பிய பிறகு தெரியும். அதுவரை 40-ஐத் தொடுவதாக இல்லை.